நாலு மழைக்காலம், ஒரே கட்டுரை: போர்டோ கலவையை எல்லாருக்கும் சேர்த்து எழுதிய அனுபவம்

குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் கொஞ்சம் பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். தோட்ட வேலைக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. அதில், அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை பற்றிய ஒரு கட்டுரையை நாலு மழைக்காலமாகத் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உடனடி விடை உச்சியில், காரணங்கள் அடுக்கடுக்காகக் கீழே என்ற அமைப்பு. அந்த அமைப்பு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை எழுதி வைக்கிறேன்.

படிக்கிறவர்கள் யார் என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு வழியாக வந்து மருந்தடிக்கும் அண்ணன் ஒருவர். முதல் தடவையாகத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த தம்பி ஒருவர். இருபது வருஷமாக ஏலம் பார்த்துவரும் பெரியவர். விவசாயம் படித்துவிட்டு மேற்பார்வைக்கு வந்தவர். நாலு பேருக்கும் ஒரே கலவைதான். தெரிந்துகொள்ள வேண்டியதுதான் வேறு.

முதலில் இரண்டு கட்டுரை எழுதினேன், 'புதியவர்களுக்கு' ஒன்று, 'விவரமாக' ஒன்று. அது ஒரு பருவத்துக்கு மேல் நிற்கவில்லை. ஒன்றில் ஒரு திருத்தம் செய்தால் மற்றதில் செய்ய மறந்துவிடும். இரண்டும் இரண்டு மாதிரி சொல்ல ஆரம்பித்தன. அதைவிடப் பெரிய சிக்கல், 'புதியவர்களுக்கு' என்று தலைப்பில் இருந்ததை அனுபவசாலிகள் தொடவே இல்லை. சுண்ணாம்பைச் சோதிக்கும் முறை அதில்தான் இருந்தது. பெரியவரிடம் கேட்டபோது, "அது சின்னப் பசங்களுக்கு எழுதினதுன்னு விட்டுட்டேன்யா" என்றார். அன்றைக்கே இரண்டையும் ஒன்றாக்கினேன்.

அப்படிச் சேர்த்து எழுதிய முதல் கட்டுரையின் உச்சியில் இருந்தது இவ்வளவுதான்: துருசு 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இது ஒரு சதவீதக் கலவை, துருசு என்பது காப்பர் சல்பேட். ஏலத்தில் வரும் அழுகலுக்கு மழை பிடிக்கும் முன்னால் ஒரு தடவை, நடு மழையில் ஒரு தடவை அடிப்பது. அளவு சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே கலக்கும் முறை, அதற்கும் கீழே எப்படிச் சோதிப்பது, கடைசியில் ஏன் இப்படி என்ற விளக்கம். பார்ப்பதற்கு நல்ல ஒழுங்கு.

இந்தக் கட்டுரையை ஒருவர் படிப்பதை ஸ்டோர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். மருந்தடிக்கும் அண்ணன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு போனை வாங்கினார். அளவு இருந்த வரியில் விரலை வைத்து ஒரு தடவை முணுமுணுத்தார். அடுத்த தலைப்பு கண்ணில் பட்டதும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு டிரம்முக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பே இல்லை. விடை உச்சியில் இருக்கும் என்று நான்தான் பழக்கியிருக்கிறேன். விடை கிடைத்தது, வேலையைப் பார்க்கப் போனார்.

அந்தப் பருவத்தில் குத்தகைக்கு எடுத்த தம்பி தோட்டத்தில் இலை கருகியது. அளவு துல்லியமாகத்தான் போட்டிருந்தார். சுண்ணாம்புதான் பழசு. சுட்ட சுண்ணாம்பு சாக்கில் வாய் திறந்தபடி கிடந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு பொடிந்துபோகும். பார்க்க வெள்ளைப் பொடியாகவே இருக்கும், துருசின் புளிப்பை முறிக்கும் வலு மட்டும் போய்விடும். 1 கிலோ போட்டாலும் வேலை செய்வது அதில் ஒரு பங்குதான். முறியாமல் மிச்சமிருக்கும் துருசு இலையைச் சுட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை என் கட்டுரையில் மூன்றாவது அடுக்கில் பத்திரமாக இருந்தது. அவர் அங்கே வரவே இல்லை.

உச்சி அடுக்கு என்றால் சுருக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பிசகு. படிக்கிறவர் அங்கேயே நிறுத்திவிட்டுக் கையை வேலையில் வைப்பார். ஆகவே அந்த விடை எப்போது பொய்யாகும் என்பதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு அடுக்கின் முடிவிலும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வரியோடு ஒருவர் போனை மூடினால், செடி கருகுமா?

சரி, இரண்டாவது பருவத்தில் சோதனையை உச்சிக்கு ஏற்றினேன். "கலந்த பிறகு கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள், சிவப்பு ஏறினால் சுண்ணாம்புப் பால் இன்னும் சேருங்கள்" என்று எழுதினேன். போதும் என்று தோன்றியது. இன்னொரு தோட்டத்தில் திரும்பவும் கருகல். நேரில் போய்ப் பார்த்தேன். அவர்கள் சோதனை செய்திருக்கிறார்கள், கத்தியில் ஒன்றும் ஏறவில்லை என்று அடித்துச் சொன்னார்கள். கத்தியைக் காட்டச் சொன்னேன். சமையல்கட்டில் காய் நறுக்கும் எவர்சில்வர் கத்தி!

இந்தச் சோதனை வேலை செய்வதே இரும்பால்தான். கலவையில் முறியாத துருசு இருந்தால் அதிலுள்ள செம்பு இரும்பின் மேல் வந்து படியும், இரும்பு கரைந்து உள்ளே போகும். எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டு, அது இரும்பை வெளியே வரவே விடாது. அதனால் கலவை எவ்வளவு கெட்டிருந்தாலும் கத்தி பளபளவென்றே இருக்கும். இந்த விளக்கம் என் கட்டுரையின் கடைசி அடுக்கில் இருந்தது. விவசாயம் படித்தவர் அதைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அடியில் இருந்த அந்த அறிவிலிருந்து ஒரே ஒரு சொல் உச்சிக்கு ஏறியிருந்தால் போதும். கத்தி என்பதற்குப் பதில் இரும்பு அரிவாள்.

மூன்றாவது பருவத்தில் அரிவாள் ஏறியது. உடனே இன்னொரு கேள்வி வந்தது: அரிவாளில் ஏற்கெனவே துரு இருக்கிறதே, சிவப்பு எது, துரு எது? நியாயமான கேள்வி. அதனால் 'தேய்த்துப் பளபளப்பாக்கிய' என்ற சொற்களும் சேர்ந்தன. இப்போது உச்சியில் இருப்பது இது:

"100 லிட்டருக்கு: துருசு 1 கிலோ, புதிதாக வாங்கிய சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு அரிவாளை ஒரு நிமிஷம் முக்குங்கள். செம்பு நிறம் ஏறினால் அடிக்காதீர்கள், ஏறாத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். கலந்த அன்றே அடித்து முடியுங்கள்."

முதல் வடிவத்தைவிட நீளம்தான். ஆனாலும் போனில் ஒரே திரையில் அடங்குகிறது, அதற்கு மேல் ஒரு வரியும் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். புதிதாக ஏதாவது ஏற வேண்டுமென்றால் ஒன்று இறங்க வேண்டும். மழைக்கு முன் எப்போது அடிப்பது என்பது அப்படித்தான் கீழே இறங்கியது. தேதி தெரியாமல் யாரும் டிரம் பக்கத்தில் நிற்பதில்லை.

கீழ் அடுக்குகளுக்கு 'அடிப்படை', 'மேல்நிலை' என்ற தலைப்புகளை எடுத்துவிட்டேன். வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளே தலைப்பு. 'சிவப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்ய?', 'ஏன் மாற்றி ஊற்றக் கூடாது?', 'நேற்றுக் கலந்ததை இன்று அடிக்கலாமா?'. இதனால் கிடைத்த பலனை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் நேராக மூன்றாவது கேள்விக்குப் போய் அதை மட்டும் படிக்கிறார். நேற்றைய கலவையில் துகள்கள் பெரிதாகித் தடித்துவிடும், இலையில் ஒட்டாது, மழையில் கழுவிக்கொண்டு போகும் என்ற காரணம் அவருக்குத் தேவைப்பட்டது. அளவு அவருக்குத் தேவையே இல்லை.

மாற்றி ஊற்றக் கூடாது என்பதன் காரணம் இரண்டாவது அடுக்கில் இரண்டே வாக்கியம். சுண்ணாம்புக்குள் துருசு போனால் கலவை கடைசிவரை சுண்ணாம்புப் பக்கமே நிற்கும், படிவு மெல்லியதாக, கூழ்போல வரும். துருசுக்குள் சுண்ணாம்பு போனால் துகள் தடித்துச் சீக்கிரம் அடியில் தங்கிவிடும். நோய்க்குக் காரணமான பைட்டோப்தோரா கிருமி பற்றியும், நன்மை செய்யும் பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா போட்ட இடத்தில் தாமிர மருந்தை ஏன் ஒட்டினாற்போல் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் இன்னும் கீழே. மேற்பார்வைக்காரர் அதைத்தான் முதலில் திறக்கிறார். அவருக்கு நான் ஒன்றையும் மறைக்கவில்லை, டிரம் பக்கத்தில் நிற்பவரை அதன் வழியாக நடக்க வைக்கவும் இல்லை.

எண்களை இப்போது ஒரே இடத்தில்தான் எழுதுகிறேன். முன்பு அளவு உச்சியிலும் வரும், விளக்கத்திலும் வரும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்ட கதை திரும்பவும் நடக்கப் பார்த்தது. இப்போது கீழே எங்கும் 'மேலே சொன்ன அளவு' என்றுதான் இருக்கும். விதிவிலக்கு ஒன்று, உச்சிக்கு அடுத்தாற்போல் நிற்கும் சின்னப் பட்டியல்: 10 லிட்டர் தெளிப்பானுக்கு 100 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 2 கிலோ, இரண்டு பொருளும் அதே எடை. அதையும் ஒருவர் கேட்ட பிறகுதான் சேர்த்தேன்.

சொற்களிலும் அடுக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே கடையில் துருசு என்று கேட்டால்தான் கொடுப்பார்கள், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர் மயில்துத்தம் என்பார், சாக்கில் காப்பர் சல்பேட் என்று இருக்கும். உச்சியில் துருசு மட்டும். மற்ற பெயர்கள் கீழே. முன்பு மூன்றையும் உச்சியில் போட்டபோது ஒருவர் மூன்றும் தனித்தனிச் சாமான் என்று நினைத்துக் கடையில் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பு ஒத்துவராது. ஏலத்துக்கு எவ்வளவு உரம் என்ற கட்டுரையை இதே மாதிரி எழுதப் பார்த்து மூன்று தடவை கிழித்துப் போட்டேன். மண் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் உச்சியில் ஓர் எண்ணைப் போட்டால் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கட்டுரையின் உச்சியில் விடைக்குப் பதில், மண் பார்த்துவிட்டீர்களா என்ற கேள்விதான் நிற்கிறது. சிலருக்கு அதில் கோபம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எழுதும் வரிசையும் மாறிவிட்டது. அடி அடுக்கை முதலில் எழுதுகிறேன், உச்சியைக் கடைசியில். அப்புறம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், யார் என்ன கேட்டார்கள் என்று. கட்டுரையின் கீழ்ப் பகுதியில் பதில் இருக்கும் கேள்வியை இரண்டு மூன்று பேர் கேட்டால் அது மேலே ஏறும். உச்சியிலேயே இருப்பதைக் கேட்டால் என் வாக்கியத்தில்தான் கோளாறு.

இந்தப் பருவத்தில் இன்னொன்று தெரிந்தது. ஜீப்பில் வரும் அக்காக்களில் சிலருக்குப் படிக்கத் தெரியாது. சுண்ணாம்பு கரைப்பதே அவர்கள்தான். கங்காணி உச்சிப் பகுதியை மட்டும் சத்தமாக வாசிக்கிறார், அவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். "துருசை ஊத்தணுமா, துருசுல ஊத்தணுமா?" என்று ஒரு அக்கா திருப்பிக் கேட்டார். காதில் விழும்போது அந்த இடம் வழுக்குகிறது. அடுத்த திருத்தத்தில் அந்த வரி, "சுண்ணாம்பு டிரம் அசையாமல் இருக்கட்டும், துருசு வாளியைத் தூக்கி அதில் ஊற்றுங்கள்" என்று மாறப்போகிறது. மே மாதம் கவாத்து முடிந்து முதல் மருந்து அடிக்கும் முன் அந்த அக்காவிடமே வாசித்துக் காட்ட வேண்டும்.