‘வித்தியாசம் 0’ என்றால் ஒப்பிட்டதா, ஒப்பிடவே இல்லையா: எண்ணிக்கைக் கணக்கா, விதைத்த தவறா?

இரண்டு சிஸ்டம்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ரீகன்சிலியேஷன் ஜாப் ‘வித்தியாசம் 0’ என்று முடிந்தால், இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். இல்லையென்றால் ஜாப் எதையுமே ஒப்பிடவில்லை என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே பச்சை நிறம்தான்.

இது எப்படி நடக்கும் என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் முதலில் எழுதப்படும் இந்த ஜாயினே போதும்:

```sql
SELECT count(*)
FROM app_pay a
JOIN ledger l ON l.ref = a.ref
WHERE a.amount <> l.amount;
```

ஒரு நாளில் கட்டணச் செயலியில் 48,210 பதிவுகள், லெட்ஜரிலும் 48,210 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். லெட்ஜர் பக்கம் ஏதோ ஒரு மாற்றத்துக்குப் பிறகு `12345` என்ற எண்ணை `0012345` என்று எழுதத் தொடங்குகிறது. `ref` எழுத்து வகை என்பதால் எந்தக் கீயும் எந்தக் கீயோடும் சேராது. ஜாயின் காலி. காலியில் வித்தியாசம் எங்கிருந்து வரும்? விடை 0. கீ முழுக்க உடைந்துபோன நாளில்தான் ரிப்போர்ட் மிகச் சுத்தமாக இருக்கும்.

ஒப்பீடு உண்மையில் நடந்தது என்று நிரூபிக்க நடைமுறையில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, எத்தனை படித்தோம், எத்தனை ஜோடி சேர்ந்தது என்று எண்ணிக்கைக் கணக்கு காட்டுவது. இன்னொன்று, தெரிந்தே சில தவறுகளை உள்ளே விதைத்துவிட்டு, ஜாப் அவற்றைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. நான் பார்த்துக்கொள்ளும் ஜாபுக்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக, இரு பக்கமும் ஒரு ஹாஷ் எடுத்து ஒப்பிடலாம் என்பார்கள். இரண்டு டேபிளும் ஒன்றா இல்லையா என்று வேகமாகச் சொல்ல அது நல்லது. ஆனால் இரண்டு காலி டேபிள்களின் ஹாஷும் ஒன்றாகத்தான் இருக்கும். நம் சந்தேகம் அங்கே அப்படியே நிற்கிறது.

எண்ணிக்கைக் கணக்கின் நல்ல பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். `JOIN` இருக்கும் இடத்தில் `FULL OUTER JOIN` போட்டு, ஜோடி சேர்ந்தவை, இடதில் மட்டும் இருப்பவை, வலதில் மட்டும் இருப்பவை என்று பிரித்து எண்ணினால், மேலே சொன்ன கீ கதை முதல் நாளே மாட்டிக்கொள்ளும். ஜோடி 0, இடதில் மட்டும் 48,210, வலதில் மட்டும் 48,210. இதைப் பார்த்துவிட்டு யாரும் பச்சை போட மாட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை: படித்த எண்ணிக்கையை ஜாப் தானே சொன்னால் போதாது, மூல சிஸ்டத்தில் தனியாக ஓடிய ஒரு `count(*)` சொல்ல வேண்டும். ஜாபின் தேதி வடிகட்டி தவறாக இருந்தால் ஜாப் சொல்லும் எண்ணிக்கையும் அதே வடிகட்டி வழியாகத்தான் வரும். தனியாக எண்ணுவதில் இன்னொரு லாபம்: கீ இரட்டித்திருந்தால் ஜாயின் பெருகி, ஜாபின் எண் மூலத்தின் எண்ணைத் தாண்டிவிடும். உடனே தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம் இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். ‘ஒத்துப்போனவை’ என்ற எண்ணை எப்படிப் பெறுகிறோம்? ஜோடியிலிருந்து வித்தியாசத்தைக் கழித்துப் பெற்றால் கணக்கு எப்போதும் நேராகும், ஏனென்றால் அதை நேராக்கியதே நாம்தான். லெட்ஜரில் 37 பதிவுகளில் தொகை `NULL` என்றால், `<>` அவற்றை வித்தியாசம் என்று எண்ணாது. `NULL` ஓடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. கழித்துப் பார்த்தால் ஒத்துப்போனவை 48,210. அதையே `=` வைத்துத் தனியாக எண்ணினால் 48,173 வரும். மீதி 37 எங்கே என்ற கேள்வி தானாக எழும். `IS DISTINCT FROM` போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பது சரிதான். ஆனால் யாரோ ஒருவர் பிறகு வந்து அதை `<>` ஆக மாற்றினால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இவ்வளவு இருந்தும் எண்ணிக்கைக் கணக்கு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. படித்தோமா, ஜோடி சேர்த்தோமா என்பதை அது நிரூபிக்கும். ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோமா என்பதை நிரூபிக்காது. ஒப்பிடும் முன்பு இரு பக்கத் தொகையும் முழு எண்ணாக மாற்றப்படுகிறது என்றால் 199.10, 199.40 இரண்டும் 199. எல்லா எண்ணிக்கையும் கச்சிதமாக நேராகும். மூலத் தொகைகளின் கூட்டலைப் போட்டால் இது வெளிப்பட வாய்ப்பு உண்டு, சரி. ஆனால் `status` போன்ற நெடுவரிசையைக் கூட்ட முடியாது. ஒரு பக்கம் `SETTLED`, மறுபக்கம் `REFUNDED` என்று இருந்து, ஒப்பிடும் பட்டியலில் `status` விடுபட்டிருந்தால் எந்தக் கூட்டலும் வாயைத் திறக்காது.

விதைப்பது இங்கேதான் ஜெயிக்கிறது. இரு பக்கத் தரவையும் எடுத்து ஸ்டேஜிங் டேபிளில் போட்ட பிறகு, ஒப்பீடு தொடங்கும் முன், நாமே சில பதிவுகளைச் சேர்க்கிறோம். ஒன்று இடதில் மட்டும். ஒன்று வலதில் மட்டும். ஒப்பிட வேண்டிய ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு ஜோடி, அந்த ஒரு நெடுவரிசை மட்டும் மாறியிருக்கும். `NULL` வரக்கூடிய நெடுவரிசைக்கு ஒரு பக்கம் `NULL` வைத்து இன்னொரு ஜோடி. தொகைக்கு 0.01 தள்ளி ஒன்று. இவ்வளவு வரை வித்தியாசம் இருக்கலாம் என்ற சலுகை வரம்பு ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு துளி மேலே ஒன்று, ஒரு துளி கீழே ஒன்று. கீழே இருப்பது பிடிபடக் கூடாது என்பதும் சோதனையில் அடக்கம். ஜாப் முடிந்ததும் பிடிபட வேண்டிய விதைகள் அத்தனையும், சரியான வகையோடு, பிடிபட்டனவா என்று பார்க்கிறோம். ஒன்று தப்பினாலும் அன்றைய விடை ‘வித்தியாசம் 0’ அல்ல, ‘சரிபார்க்கப்படவில்லை’. பச்சை, சிவப்பு தவிர மூன்றாவது நிலை ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தோல்வியை ஏதாவது ஒரு நிறத்தில் யாராவது திணித்துவிடுவார்கள்.

இந்தச் சோதனையை எழுதும்போது பலரும் முதலில் எழுதுவது, விதைகளின் பட்டியலிலிருந்து பிடிபட்டவற்றை `EXCEPT` போட்டுக் கழித்து, மீதி காலியா என்று பார்ப்பது. விதைப் பட்டியலே காலியாக இருந்தால் மீதியும் காலிதான். நாம் குணப்படுத்த வந்த அதே வியாதி மருந்துக்கும் வந்துவிடுகிறது. காலி என்பது தோல்வியாக முடியும்படி எழுத வேண்டும்:

```sql
SELECT count(*)
FROM seeds_expected s
JOIN recon_found f
  ON f.ref = s.ref AND f.kind = s.kind;
```

இந்த எண், விதைத்த நிரல் தனியாகச் சொன்ன எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று எப்போதும் உண்டு என்பதால் அது 2க்குக் குறையவும் கூடாது.

சரி, தேர்வை முடிவு செய்தது எது என்றால் பராமரிப்புதான். விதைப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் அதுவே, என்னை அந்தப் பக்கம் இழுத்ததும் அதுவே. விதைகளைப் பராமரிக்க வேண்டும் என்பது உண்மை. நிலையான தேதியோடு எழுதிய விதை, ஒப்பீட்டுக் காலம் நகர்ந்ததும் வெளியே விழுந்துவிடும். ஆனால் அது விழும்போது ஜாப் கத்தும். எண்ணிக்கைக் கணக்கில் பராமரிப்பு விட்டுப்போனால் அது சத்தமில்லாமல் விட்டுப்போகும். புதிதாக ஒரு நெடுவரிசை வந்தால் எந்த எண்ணும் மாறாது.

இந்த லாபம் கிடைக்க, விதைக்கும் நிரல் நெடுவரிசைகளின் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பிடும் நிரலின் கான்ஃபிக் கோப்பிலிருந்தே எடுத்தால், அங்கே விடுபட்ட நெடுவரிசை விதையிலும் விடுபடும், இருவரும் சேர்ந்து பச்சை காட்டுவார்கள். அதனால் பட்டியல் `information_schema.columns` இலிருந்து வர வேண்டும். ஒப்பிடத் தேவையில்லாத நெடுவரிசைகளை மட்டும் தனியாக, பெயர் சொல்லி விலக்க வேண்டும். அப்புறம் யாராவது டேபிளில் புது நெடுவரிசை சேர்த்தால், அடுத்த ஓட்டத்தில் அதற்கும் ஒரு விதை முளைக்கும், ஒப்பீடு அதைப் பிடிக்காது, ஜாப் நின்றுவிடும். நெடுவரிசையை ஒப்பிடு, அல்லது விலக்கு என்று எழுதிவை என்று மனிதரிடம் கேட்கும். ‘நேற்று வரை சரியாகத்தானே ஓடியது’ என்ற எரிச்சல் வரும். வரட்டும்.

விதைகளை உண்மையான வித்தியாசங்களிலிருந்து பிரிப்பதிலும் ஒரு பொறி உண்டு. `LIKE 'ZZ_%'` என்று முன்னொட்டு வைத்து விலக்கினால், `_` எந்த ஒரு எழுத்துக்கும் பொருந்தும் என்பதால் `ZZA17` என்ற உண்மைப் பதிவும் விலகிப்போகும். விதைத்த கீகளை அப்படியே பட்டியலாக வைத்து, முழுக் கீயும் சமமாக இருந்தால் மட்டும் விலக்குவது பாதுகாப்பு.

ஸ்டேஜிங்கில் விதைப்பதால் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மூல சிஸ்டத்திலிருந்து தரவு எடுக்கும் கட்டத்தை அது தொடுவதே இல்லை. பாதிப் பதிவுகள் மட்டும் வந்திருந்தாலும் விதைகள் அத்தனையும் பிடிபடும். மூலத்திலேயே விதைக்கலாமே என்றால், லெட்ஜரில் போலிப் பதிவு போடக் கணக்குப் பிரிவு ஒப்பாது, ஒப்பவும் கூடாது. எனவே எடுக்கும் கட்டத்துக்கு மட்டும் மூலத்தின் தனி `count(*)` ஐ வைத்துக்கொண்டேன். எண்ணிக்கைக் கணக்கு முழுக்கத் தோற்கவில்லை, பாதி வேலையை அதுதான் செய்கிறது.

இரண்டு வழியும் கோட்டைவிடும் ஒன்று, இரு பக்க இணைப்பும் ஒரே டேட்டாபேஸைக் காட்டுவது. ஒன்றைத் தன்னோடே ஒப்பிட்டால் எண்ணிக்கை நேராகும், விதையும் பிடிபடும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் தரவு எடுக்கும்போதே `current_database()`, `inet_server_addr()` விடைகளை ரிப்போர்ட்டில் எழுதிவைத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் ஜாபை நிறுத்துகிறேன். போஸ்ட்கிரெஸில் இது ஒரு வரி வேலை. யூனிக்ஸ் சாக்கெட் வழியாக இணைந்தால் முகவரி `NULL` வரும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும், அங்கேயும் `NULL` ஒப்பீடு காலை வாரலாம்.

இவையெல்லாம் இரவில் ஒரு முறை ஓடும் பேட்ச் வேலையில் பார்த்தவை. ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரீமில் நான் விதைத்துப் பார்த்ததில்லை. தாமதமாக வரும் பதிவையும் தப்பிய விதையையும் அங்கே எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒப்பீட்டை வெளியார் ஒருவர் செய்து ரிப்போர்ட் மட்டும் தருகிறார், ஸ்டேஜிங்கில் கை வைக்க வழியே இல்லை என்றாலும் விதைக்கும் பேச்சுக்கு இடமில்லை. அங்கே எண்ணிக்கைக் கணக்கைத்தான் கேட்டு வாங்குவேன்: படித்தவை, ஜோடி, இரு பக்கத்தில் மட்டும் உள்ளவை, கழித்தல் இல்லாமல் தனியாக எண்ணிய ஒத்துப்போனவை. கூடவே எந்தெந்த நெடுவரிசைகளை ஒப்பிட்டார்கள் என்ற பட்டியலும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பெயர் பெயராக அச்சாகி வர வேண்டும்.