விமானம் குலுங்கும்போது: வீணையா, முணுமுணுப்பா?

சேலத்திலிருந்து லண்டனுக்கு அம்மாவை அழைத்துப் போனபோது, விமானக் குலுக்கலில் வரும் பயத்தைத் தணிக்க வீணை இசை, முணுமுணுப்பு இரண்டையும் முயன்று பார்த்தோம்.

முதலில் நீலாம்பரி ராக வீணை. தாலாட்டுக்குப் பேர்போன ராகம், தூங்கப் போகும்போது அருமை. ஆனால் குலுங்கும்போது எஞ்சின் இரைச்சலில் வீணையின் மெல்லிய கார்வை அமுங்கிவிட்டது. அம்மாவின் காது இசையில் இருந்தாலும் கை இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்தது, மூச்சும் நின்று நின்று வந்தது.

அப்புறம், மனப்பாடமாகத் தெரிந்த மெதுவான பாட்டை வாய்மூடி முணுமுணுக்கச் சொன்னேன். முணுமுணுக்க மூச்சை மெல்ல வெளியே விட்டாக வேண்டும். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். மூன்றாவது வரியிலேயே அம்மாவின் விரல்கள் தளர்ந்தன. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் இப்படித்தான் பாடிக்கொண்டே வருவார்.

மேல்ஸ்தாயிக்கு ஏறும் பாட்டு வேண்டாம், மூச்சு முட்டும். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடலாம்.

குலுக்கலுக்கு முணுமுணுப்புதான் என் தேர்வு. வீணையை முன்பே பதிவிறக்கி, குலுக்கல் அடங்கிய பிறகு கேளுங்கள். சீட் பெல்ட்டை மட்டும் எப்போதும் போட்டே வையுங்கள்.