காரணம் தெரிவிக்காத தொடர் விடுப்பு: மூன்று பணிநீக்கக் கடித வரைவுகளின் ஒப்பீடு

ஒரு பணியாளர் ஜனவரி 8, 9, பிப்ரவரி 12, மார்ச் 4 முதல் 7 வரை என ஏழு பணிநாள்கள் தகவல் இன்றி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் முன் மூன்று வரைவுகள் இருக்கின்றன.

முதல் வரைவு, "தாங்கள் பொறுப்பின்றி அடிக்கடி மட்டம் போட்டதால் உடனடியாக நீக்கப்படுகிறீர்கள்" என்கிறது. இதில் நாள்களும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. "பொறுப்பின்றி" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு; வருகைப்பதிவேட்டைக் கொண்டு அதை மெய்ப்பிக்க முடியாது.

இரண்டாவது வரைவு, "தாங்களாகவே பணியைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்" என்கிறது. பார்வைக்கு மென்மையான இந்த வாசகமே மூன்றிலும் பலவீனமானது என்பது என் கருத்து. ஏனெனில் ஒவ்வொரு முறையும் அவர் திரும்ப வந்து வேலை செய்திருக்கிறார். நிறுவனம் எடுத்த முடிவை அவர் எடுத்ததாகக் காட்டுவது நேர்மையும் அல்ல.

மூன்றாவது வரைவு இப்படி அமைகிறது: "மேற்கண்ட ஏழு நாள்களுக்கும் விடுப்பு விண்ணப்பமோ தகவலோ எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜனவரி 12 அன்று விளக்கம் கேட்டோம். இது தொடர்ந்தால் பணிநீக்கம் வரை செல்லக்கூடும் என்று பிப்ரவரி 15 அன்று எச்சரித்தோம். மார்ச் 18 அன்று நடந்த விசாரணைக்குச் சக பணியாளர் ஒருவருடன் வரலாம் என எழுதியிருந்தோம். தாங்கள் வரவில்லை, எழுத்துமூல விளக்கமும் அனுப்பவில்லை. ஆகவே அறிவிப்புக் காலம் முடியும் நாளில் தங்கள் பணி முடிவுக்கு வருகிறது."

இதில் கவனிக்க வேண்டியது, "காரணமே இல்லை" என்று சொல்லாமல் "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதியிருப்பதாகும். நிறுவனம் தான் அறிந்ததை மட்டுமே சொல்வதால், பின்னர் ஒரு மருத்துவச் சான்று வந்தாலும் கடிதம் பொய்யாகிவிடாது. ஆனால் அப்படி ஒரு சான்று வந்தால் முடிவை மறுபடி ஆராய்ந்தே ஆக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கை, நோயாலோ காயத்தாலோ ஏற்படும் தற்காலிக வராமை பணிநீக்கத்துக்குத் தகுந்த காரணம் ஆகாது என்கிறது. நடத்தை சார்ந்த பணிநீக்கத்துக்கு முன் தற்காப்பு வாய்ப்புத் தரவேண்டும் என்றும் சொல்கிறது.

மூன்றாவது வரைவும் சரியும் இடம் ஒன்று உண்டு. விசாரணை அழைப்பை, அவர் பார்த்தாரா என்று உறுதிசெய்ய முடியாத அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பியிருந்தால், "தாங்கள் வரவில்லை" என்ற வரி நிற்காது. வீட்டு முகவரிக்கு ஒப்புகையுடன் அனுப்பி, அது திரும்பி வந்தால் வேறு வழியில் தொடர்புகொண்டு, புதிய தேதி தந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். நிலுவை ஊதியம் வழங்கப்படும் நாளையும், இந்த முடிவில் பங்கு பெறாத எந்த அதிகாரியிடம் எந்தத் தேதிக்குள் முறையிடலாம் என்பதையும் கடைசிப் பத்தியில் எழுத வேண்டும்.