"பார்க்கிறோம்" என்பதா, "முடியாது" என்பதா: ஒரே பதிலின் மூன்று வடிவங்கள்

எங்கள் டீமில் ஒரு இளம் இன்ஜினியர். அவர் செய்துகொண்டிருந்தது மாதாந்திர விற்பனை ரிப்போர்ட். அதை பிடிஎஃப்-ஆக இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். திங்கட்கிழமை கிளையன்ட் சோதிக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய புதன்கிழமை கிளையன்ட்டிடமிருந்து இந்த இன்ஜினியருக்கே நேராக ஒரு மெயில் வந்தது: "எக்செல்லிலும் இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வைத்துவிடுங்கள். சின்ன வேலைதானே?"

அவர் முதலில் எழுதிய பதில் இது:

> வணக்கம் மேடம். நல்ல யோசனை. இது ஸ்கோப்பில் இல்லை என்று நினைக்கிறேன், மன்னிக்கவும். இப்போதைக்குக் கொஞ்சம் கஷ்டம். இருந்தாலும் நேரம் கிடைத்தால் சேர்க்கப் பார்க்கிறோம்.

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கிப் படிப்பவருக்கு இது "சரி" என்றுதான் கேட்கும். "என்று நினைக்கிறேன்" என்றால் உறுதியாகத் தெரியவில்லை என்று பொருள். "இப்போதைக்கு" என்றால் பிறகு வந்துவிடும், அதுவும் தனிக் கட்டணம் இல்லாமல். கடைசியில் வரும் "பார்க்கிறோம்" மட்டுமே அவர் மனத்தில் தங்கும். திங்கட்கிழமை அந்தப் பட்டனைத் தேடுவார், இல்லையென்றதும் அதை ஒரு குறையாகப் பதிவு செய்வார். அப்போது நம் மெயிலே நமக்கு எதிரான சாட்சி.

நான் இதைச் சொன்னதும் அவர் மறுகோடிக்குப் போய்விட்டார்:

> ஒப்பந்தப்படி பிடிஎஃப் மட்டுமே. எக்செல் செய்ய இயலாது. வரிசைகள் அதிகமானால் சர்வர் திணறும். தேதி வடிவம் மாறும். வாடிக்கையாளர் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும்.

இரண்டில் ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும் என்றால் நான் இதையே அனுப்புவேன். முகம் சுளித்தாலும் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். இதில் என்னை உறுத்துவது தொனியைவிட அந்தத் தொழில்நுட்பக் காரணங்கள். அவை பொய்யில்லை. 00457 என்ற எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொண்டால் எக்செல் 457 என்றுதான் காட்டும். ஆனால் அந்தக் கட்டத்தை உரையாக அமைத்துவிட்டால் தீர்ந்தது. கிளையன்ட்டின் ஐடி ஆள் அதை ஒரே வரியில் எழுதி அனுப்புவார். ஒவ்வொரு காரணமும் இப்படி உடையும்போது "அப்படியானால் செய்துவிடலாமே" என்ற இடத்துக்குப் பேச்சு வந்து நிற்கும். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று: இது ஒப்புக்கொண்ட வேலையில் இல்லை, செய்யப் போனால் திங்கட்கிழமை தவறும். அதோடு, செய்யக்கூடிய ஒன்றை "இயலாது" என்று சொன்னால், பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும்போது நம் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

இருவரும் உட்கார்ந்து திருத்தியது இது. சப்ஜெக்ட்: "எக்செல் டவுன்லோட்: திங்கட்கிழமை வெளியீட்டில் இருக்காது".

> வணக்கம் மேடம்,
>
> எக்செல் வசதி கேட்டு எழுதியதற்கு நன்றி. திங்கட்கிழமை வெளியீட்டில் இதைச் சேர்க்க இயலாது. ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியலில் (பிரிவு 3.2) பிடிஎஃப் டவுன்லோட் மட்டுமே உள்ளது, இப்போது எக்செல்லைச் சேர்த்தால் சோதனை தொடங்கும் தேதி தள்ளிப்போகும்.
>
> இந்த வசதி தேவை என்றால் தனி சேஞ்ச் ரிக்வெஸ்டாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கான நாட்களையும் கட்டணத்தையும் எங்கள் புராஜெக்ட் மேனேஜர் (சிசி-யில் உள்ளார்) மதிப்பிட்டுத் தருவார். எக்செல்லில் எந்தெந்த நெடுவரிசைகள் வேண்டும், எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதினால் மதிப்பீடு எளிதாகும்.
>
> பிடிஎஃப் டவுன்லோட் திட்டமிட்டபடி திங்கட்கிழமை தயாராக இருக்கும்.

மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, கூடவே எந்த வெளியீட்டில் இருக்காது என்பதும். மன்னிப்பு இல்லை, நம்மிடம் தவறு இல்லாதபோது மன்னிப்புக் கேட்டால் ஏதோ பாக்கி வைத்ததுபோல் ஆகிவிடும். பணிவு வேறு வழியில் வருகிறது: அவருடைய தேவை என்னவென்று கேட்கிறோம், அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்கிறோம். சில சமயம் அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும், அவருக்கு வேண்டியது எக்செல் அல்ல, ரிப்போர்ட்டின் அடியில் ஒரு மொத்தத் தொகைதான் என்று.

இந்த மூன்றாவது வடிவத்தில் இன்ஜினியர் முதலில் "இரண்டு நாள் வேலை" என்றும் எழுதியிருந்தார், அதை எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் என்பது புரோகிராம் எழுத மட்டும். சோதனையும் திருத்தமும் அதில் இல்லை. ஜூனியர் எழுதிய எண்ணையும் கிளையன்ட் நம் நிறுவனத்தின் வாக்காகவே எடுத்துக்கொள்வார். நாளும் பணமும் மேனேஜரிடமிருந்தே போகட்டும்.

"எளிமையாக ஒன்று மட்டும் போதுமே" என்று மறுபடி கேட்டு வந்தால் புதுக் காரணம் தேட வேண்டாம். "எளிமையான வடிவத்தையும் சேஞ்ச் ரிக்வெஸ்டாகவே மதிப்பிடுகிறோம் மேடம். நெடுவரிசைகளின் பட்டியல் கிடைத்ததும் மேனேஜரிடம் கொடுக்கிறேன்" என்ற இரண்டே வரி போதும்.