குடும்பத்துக் காணிப் பத்திரங்களை ஸ்கேன் செய்து அடுக்கிய முறை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் காணி உறுதி, நில அளவைப் படம், சோலைவரி ரசீது, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு ஒரே போல்டரில் கிடந்தன. பெயர்கள் `Scan0004.pdf`, `IMG-20190822-WA0013.jpg`, `amma doc new (2).pdf` என்ற மாதிரி. ஒன்றைத் தேடினால் வரிசையாக எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்து, சில வருடமாக அதையே பயன்படுத்துகிறேன். நம் பக்கக் குடும்பங்களுக்கு எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சொல்கிறேன்.

இதைப் பற்றி எங்கே கேட்டாலும் முதலில் சொல்வது, ஆளுக்கொரு போல்டர் போடச் சொல்லித்தான். அடையாள அட்டைக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் அது சரி. காணிக்குச் சரிவராது. மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண் வழியாகத்தான் போகும். பூட்டியிடமிருந்து அம்மம்மாவுக்கு, அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, பிறகு சீதனமாகத் தங்கச்சிக்கு. ஆள்வாரியாகப் பிரித்தால் ஒரே வீட்டின் பத்திரங்கள் நாலு போல்டரில் சிதறிவிடும். சட்டத்தரணியோ வங்கியோ கேட்பது அந்த வீட்டின் பின்னணியை, வழக்கமாக 30 வருடத்துக்கு. அதனால் காணிக்கு ஒரு கிளை, ஆளுக்கு ஒரு கிளை என்று வைத்தேன்.

```
kudumbam/
  kaani/
    veedu-ezhuvankarai/
    vayal-paduvankarai/
  aal/
    amma/
    thangachchi/
  pudhusu/
```

`pudhusu` என்பது இன்னும் பெயர் வைக்காத ஸ்கேன்கள் வந்து விழும் இடம். இதற்குமேல் ஆழமாகப் போகவில்லை. வருடத்துக்கு ஒன்று, பத்திர வகைக்கு ஒன்று என்று உள்ளே உள்ளே போனால், விண்டோஸின் பல புரோகிராம்கள் முழுப் பாதையும் சேர்த்து 260 எழுத்துக்கு மேல் போனதும் பைலைத் திறக்க மறுக்கும். இங்கே நன்றாகத் திறக்கும் பைல், இன்னொரு கணினியில் நீளமான போல்டருக்குள் கொப்பி பண்ணும்போது நின்றுவிடும்.

பைல் பெயரில் முதலில் திகதி, பிறகு பத்திர வகையும் எண்ணும், பிறகு கொடுத்தவர், வாங்கியவர். திகதியை வருடம்-மாதம்-நாள் என்று எழுதினால் பெயர்வாரியாக வரிசைப்படுத்தும்போதே காலவரிசை வந்துவிடும். ஆனால் எந்தத் திகதி? ஸ்கேன் செய்த நாள் எதற்கும் உதவாது. வாட்ஸ்அப் வைக்கும் பெயரிலுள்ள திகதியும் பத்திரத்தின் திகதி இல்லை. உறுதி என்றால் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்த நாளைப் போடுகிறேன். காணிப் பதிவகத்தின் முத்திரையில் இருப்பது அதற்குப் பிந்திய பதிவுத் திகதி. மற்ற உறுதிகள் ஒரு உறுதியைக் குறிப்பிடும்போது கையெழுத்துத் திகதியைத்தான் சொல்லும், ஆகவே தேடுவதற்கும் அதுதான் வேண்டும். நாளும் மாதமும் தெரியாத பழைய பத்திரத்துக்கு `1983-00-00` என்று போட்டால் அந்த வருடத்தின் தொடக்கத்தில் போய் நிற்கும்.

கொடுத்தவர், வாங்கியவர் பெயரைச் சேர்த்ததுதான் இந்த முறையில் எனக்கு அதிகம் பயன்பட்டது. தங்கச்சிக்கு வீட்டை எழுதும் பேச்சு வந்தபோது வீட்டுப் போல்டர் இப்படி இருந்தது (எண்களையும் திகதிகளையும் மாற்றித் தருகிறேன்):

```
1968-03-11_uruthi-2207_vitravar_pooti.pdf
1983-00-00_padam-318.pdf
1997-08-02_uruthi-5140_ammamma_amma.pdf
```

ஒரு உறுதியில் வாங்கியவர் அடுத்த உறுதியில் கொடுத்தவராக இருக்க வேண்டும். இங்கே 1968இல் வாங்கியது பூட்டி, 1997இல் கொடுத்தது அம்மம்மா. பூட்டியிடமிருந்து அம்மம்மாவுக்கு வந்த உறுதி இல்லை. பைலைத் திறக்காமலே, பெயர்களைப் பார்த்த உடனேயே இது தெரிந்தது. அந்த உறுதி சுனாமியோடு போயிருந்தது. சரி, அடுத்து என்ன? 1997 உறுதியை வாசித்தால், காணி தனக்கு எந்த உறுதி மூலம் வந்தது என்று அம்மம்மா சொல்லும் வரி உள்ளே இருக்கிறது. எண், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் அதில் கிடைத்தன. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் படி காணிப் பதிவகத்துக்குப் போய்விடும் என்பதால், அந்த விபரங்களோடு விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தோம். அதற்கு வைத்த பெயர்:

```
1979-10-25_uruthi-3861_pooti_ammamma_prathi-2023.pdf
```

முன்னால் இருப்பது உறுதியின் திகதி, கடைசியில் இருப்பது பிரதி எடுத்த வருடம். இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால் 1979 உறுதி 2023இல் போய் நின்று, சங்கிலி குழம்பிவிடும். பிறப்புச் சான்றிதழுக்கும் இப்படியே பிரதி எடுத்த வருடத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் சில இடங்களில் அண்மையில் எடுத்த பிரதிதான் வேண்டும் என்பார்கள்.

படுவான்கரை வயல் பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. அங்கே ஓடுவது உறுதிச் சங்கிலி இல்லை. பெர்மிட், பிறகு கிடைத்தால் அளிப்புப் பத்திரம், இடையில் பின்னுரித்தாளர் நியமனம். கொடுத்தவர் இடத்தில் எப்போதும் `arasu` வருகிறது. அதனால் வீட்டில் செய்த மாதிரிப் பெயர் பார்த்து இடைவெளி பிடிக்க முடியாது. யார் பின்னுரித்தாளர் என்பதையாவது பெயரிலேயே போட்டுவிடுகிறேன். பெர்மிட்காரர் இறந்த பிறகு முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

பைல் பெயரைத் தமிழில் வைக்கவே ஆசைப்பட்டேன். போல்டரைத் திறந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாசிக்க வர வேண்டும் அல்லவா. ஆனால் யூனிகோடில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நன்கொடை" என்பதிலுள்ள கொகரத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம் (`U+0BCA`), கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் பதியலாம் (`U+0BC6`, `U+0BBE`). கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எது பதியும் என்பது தட்டச்சுச் செய்யும் செயலியைப் பொறுத்தது. ஒரு விதமாகப் பதிந்த பைலை மற்ற விதமாகத் தட்டித் தேடினால் பல புரோகிராம்களில் கிடைக்காது. பழைய ஜிப் மென்பொருள்களில் பிரிக்கும்போது தமிழ்ப் பெயர் முழுவதும் கேள்விக்குறியாக மாறுவதும் உண்டு. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல், எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி கிடையாது என்று வைத்தேன். உறுதிக்கு `uruthi` என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஒருவர் `uruthy` என்று போட்டாலும் தேடல் பிசகும். அதற்காக மேல் போல்டரில் `sorkal.txt` என்று ஒரு பைல் வைத்து, பயன்படுத்தும் சொற்களை எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் சரியாகத் தீராதது இரண்டு ஆளுக்குரிய பத்திரங்கள், முக்கியமாகத் திருமணச் சான்றிதழ். இரண்டு போல்டரிலும் வைத்தால், புதிய பிரதி எடுக்கும்போது ஒன்று பழையதாகவே நின்றுவிடும். விண்டோஸ் குறுக்குவழி வைத்தாலும், வேறு கணினிக்குக் கொப்பி பண்ணியதும் அது பெரும்பாலும் வேலை செய்யாது. இப்போதைக்கு மனைவியின் போல்டரில் பைல், கணவரின் போல்டரில் எங்கே பார்ப்பது என்று ஒரு வரி எழுதிய `.txt`. அப்புறம், கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் பெயரும் மாறும், எழுத்துத் தெளிவும் குறையும். அது திரும்பி வந்து `pudhusu`வில் விழுந்தால், எந்தப் பத்திரம் என்று மறுபடி திறந்து பார்க்க வேண்டியதாகிவிடும்.