16,500 ரூபாய்க்குத் தொங்குகிற கதவு

நேற்றுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. இன்னும் வயிறு எரிகிறது. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரச்சாமான் விற்கிற கடை, பின்னால் பட்டறையும் உண்டு. பெயர் வேண்டாம்.

கொல்லைக் கதவு செல்லரித்துப் போனதால் பலகைக் கதவு ஒன்று செய்யச் சொன்னேன். நெட்டுக்கு ஐந்து பலகை, மேலும் கீழும் குறுக்குச் சட்டம், இடையில் ஒரு சாய்வுச் சட்டம். கடைக்காரர் பலகையைச் சுண்டிக் காட்டினார். "சத்தத்தைக் கேளுங்கண்ணே, பர்மாத் தேக்கு. உங்க ஐயா காலத்து மரம்." ஐயா என்றதும் விழுந்துவிட்டேன். 16,500 ரூபாயையும் முன்பணமாகவே எண்ணிக் கொடுத்தேன். புத்தி!

இரண்டே மாதம். தாழ்ப்பாள் பக்கக் கீழ்முனை அரை அங்குலம் இறங்கி, ஆத்தங்குடிக் கல்லில் அரை வட்டமாகக் கீறிவிட்டது. போன் செய்தால், "ஈரத்துக்கு ஊறியிருக்கும்." அடுத்த முறை, "கீல் ஸ்குருவை முறுக்குங்க." மூன்றாவது முறை, "தலைகீழாக் கழற்றி மாட்டுங்க, சரியாயிரும்."

கடைசியில் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டேன். பார்த்ததும் சிரித்தார். சாய்வுச் சட்டத்தின் கால் கீல் பக்கம் கீழே ஊன்றி, தலை தாழ்ப்பாள் பக்கம் மேலே போக வேண்டுமாம். தொங்கப் பார்ப்பது தாழ்ப்பாள் பக்கம்தானே? அந்தப் பாரத்தைச் சட்டம் முட்டுக் கொடுத்துக் கீழ்க் கீலுக்கு இறக்கும். என் கதவில் தலை கீல் பக்கம், கால் தாழ்ப்பாள் பக்கம். அப்படி வைத்தால் பாரம் சட்டத்தை இழுக்கும். தாங்குவது மரமல்ல, நாலு ஸ்குரு. சட்டத்தின் முனைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே ஐந்து ரூபாய்க் காசைச் செருகினார், உள்ளே போய்விட்டது.

தலைகீழாக மாட்டுகிற கதையையும் கேட்டேன். காகிதத்தில் ஒரு சாய்கோடு போட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பினார். கோடு அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது! கீல் அதே நிலைக்காலில் இருக்கும்வரை எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை.

இப்போது கதவைக் கழற்றிப் படுக்க வைத்து, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்வரை தட்டிச் சதுரமாக்கினார். பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, குறுக்குச் சட்டங்களில் காடி வெட்டி, புதுச் சட்டத்தை இறுக்கமாக உட்கார வைத்தார். மரமும் கூலியும் 2,800. அந்த 16,500-க்கு மேல் இது.

கடையில் பணம் கேட்டேன். "நீங்க வேற ஆசாரியை வச்சுக் கழட்டிட்டீங்களே, இனி எங்க பொறுப்பில்ல."

எப்படிக் கதவு வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முழுப் பணம் கொடுக்காதீர்கள். சட்டத்தின் கால் கீல் பக்கம் இருக்கிறதா பாருங்கள். அதன் முனையில் காசு நுழைந்தால் வாங்காதீர்கள். கல்லில் விழுந்த கீறல் மட்டும் போகவே இல்லை.