சார்பாக மாறிய சமவாய்ப்பு மாறியின் அடர்த்தி: பரவல் சார்பு வழியா, நேரடிச் சூத்திரமா?

X என்னும் தொடர் சமவாய்ப்பு மாறியின் அடர்த்திச் சார்பு f_X நமக்குத் தெரியும்; Y = g(X) என்பதன் அடர்த்திச் சார்பு f_Y வேண்டும். இதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன. முதல் வழியில் F_Y(y) = P(Y ≤ y) என்னும் குவிவு பரவல் சார்பை X-இன் மொழியில் எழுதி, கிடைத்ததை y-ஐப் பொறுத்து வகையிடுகிறோம். இரண்டாவது வழியில் நிகழ்தகவைத் தொடாமலேயே, மாறி மாற்றத்திற்கான சூத்திரத்தில் நேரடியாகப் பிரதியிடுகிறோம்:

f_Y(y) = Σ f_X(x_i) / |g'(x_i)|

இங்கே x_i என்பவை g(x) = y என்னும் சமன்பாட்டின் தீர்வுகள், அதாவது y-இன் முன் உருக்கள். g ஓரியல்புச் சார்பாக இருந்தால் கூட்டலில் ஓர் உறுப்பு மட்டுமே மிஞ்சும்.

இரண்டும் வெவ்வேறு கோட்பாடுகள் அல்ல. g ஏறும் சார்பு எனில் F_Y(y) = F_X(g⁻¹(y)); இதைச் சங்கிலி விதிப்படி வகையிட்டால் சூத்திரம் வந்துவிடுகிறது. g இறங்கும் சார்பு எனில் Y ≤ y என்பது X ≥ g⁻¹(y) என்று திரும்பிவிடுவதால் F_Y(y) = 1 − F_X(g⁻¹(y)) ஆகிறது; வகையிடும்போது ஒரு குறைக்குறி வருகிறது, நேர்மாறின் வகைக்கெழுவும் குறையெண்ணாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து மிகையெண் ஆகின்றன. சூத்திரத்தில் மட்டு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். ஆகவே, சூத்திரம் என்பது முதல் வழியின் கடைசி வரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. இடைப்பட்ட வரிகளை எழுதாமல் தாண்டிப் போவதால் நேரம் மிச்சமாகிறது. ஆனால் அந்த வரிகளில்தான் எந்த x-கள் உண்மையிலேயே கணக்கில் சேருகின்றன என்ற தகவல் இருந்தது. இந்த ஒரு வேறுபாடு எங்கே உறைக்கிறது என்பதைக் கீழ்க்காணும் கணக்கில் பார்க்கலாம்.

X என்பது (−1, 2) என்னும் இடைவெளியில் சீரான பரவல் கொண்டது என்க; அங்கே f_X(x) = 1/3, வெளியே 0. Y = X² என எடுத்துக்கொள்வோம். இடைவெளி சுழியைச் சுற்றிச் சமச்சீராக இல்லை என்பதே இந்தக் கணக்கின் உயிர்.

பரவல் சார்பு வழியில் தொடங்குவோம். 0 < y < 4 எனில் Y ≤ y என்பது −√y ≤ X ≤ √y என்பதற்குச் சமம். இதன் நிகழ்தகவைக் காண இந்த இடைவெளியை (−1, 2)-உடன் வெட்டிப் பார்த்தே ஆக வேண்டும். y ஒன்றுக்கு மேற்படாத வரை −√y என்பது −1-ஐத் தாண்டுவதில்லை; எனவே முழு நீளமும் கணக்கில் சேர்ந்து F_Y(y) = 2√y/3 ஆகிறது. y ஒன்றைக் கடந்த பிறகு இடப்பக்கம் −1-லேயே நின்றுவிடுகிறது, வலப்பக்கம் மட்டும் நீள்கிறது; ஆகவே F_Y(y) = (√y + 1)/3. இரண்டு வடிவங்களும் y = 1-இல் 2/3 என்ற ஒரே மதிப்பைத் தருகின்றன, y = 4-இல் இரண்டாவது வடிவம் 1 ஆகிறது. வகையிடும் முன்பே இந்த இரண்டு சரிபார்ப்புகளும் கைவசம் வந்துவிடுவது இவ்வழியின் பெரிய வசதி. பிறகு வகையிட்டால்:

0 < y < 1 எனில் f_Y(y) = 1/(3√y)
1 < y < 4 எனில் f_Y(y) = 1/(6√y)

இப்போது சூத்திர வழி. முன் உருக்கள் √y, −√y; இரண்டிலும் |g'(x)| = 2√y; எனவே ஒவ்வோர் உறுப்பும் (1/3)/(2√y) = 1/(6√y). கூட்டினால் 1/(3√y). இரண்டு வரிகளில் வேலை முடிந்தது போல் தோன்றுகிறது, ஆனால் முடியவில்லை. y > 1 ஆகும்போது −√y என்னும் முன் உரு (−1, 2)-க்கு வெளியே விழுவதால் அங்கே f_X(−√y) = 0; அந்த உறுப்பு மறைந்துவிட வேண்டும். f_X-ஐ எங்கும் 1/3 என்று எழுதிவிடும் கை, இந்தச் சுழியைப் பார்ப்பதே இல்லை. இதில் சூத்திரத்தின் மீது குற்றமில்லை. f_X-இன் எல்லை சூத்திரத்தின் உள்ளேயே இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. முதல் வழியில் அதே எல்லை தானாகவே எதிரே வந்து நிற்கிறது.

இங்கே நேரும் பிழைகளை மொத்தப் பரப்பு காட்டிக்கொடுக்கும். இரு முன் உருக்களையும் 4 வரைக்கும் இழுத்துச் சென்றால் மொத்தம் 4/3 வரும். மிகை வர்க்கமூலத்தை மட்டும் எடுத்து எதிர்ப்பக்கத்தை மறந்தால் 2/3 வரும். சரியான விடைக்கு முதல் பகுதி 2/3, இரண்டாம் பகுதி 1/3, ஆக 1.

இரண்டாவது பிழையில் ஒரு கண்ணி இருக்கிறது. மொத்தம் 2/3 என்று கண்டதும், ஏதோ ஒரு மாறிலி விடுபட்டிருக்கும் என்று எண்ணி 3/2-ஆல் பெருக்கிச் சரிசெய்யத் தோன்றும். அப்படிச் செய்தால் (0, 4) முழுவதும் 1/(4√y) என்ற சார்பு கிடைக்கும். அதன் பரப்பு சரியாக 1, எங்கும் மிகையெண், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது (0, 2)-இல் சீராகப் பரவிய வேறொரு மாறியின் வர்க்கத்திற்கு உரிய அடர்த்தி. இதைப் பிடிக்க எதிர்பார்ப்பு மதிப்பு உதவுகிறது. f_Y இல்லாமலேயே, x²/3-ஐ −1 முதல் 2 வரை தொகையிட்டால் E(Y) = 1 என்று கிடைக்கிறது. நாம் கண்ட f_Y-ஐக் கொண்டு கணக்கிட்டால் 2/9 + 7/9 = 1, பொருந்துகிறது. ஒட்டுப்போட்ட சார்போ 4/3 என்கிறது. மாறி மாற்றத்தில் பரப்பு 1 ஆகவில்லை என்றால் மாறிலியைத் தேடக் கூடாது, முன் உருக்களைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. X-இன் அடர்த்தி ஏற்கெனவே சரியாக இருக்கும்போது புதிய மாறிலிக்கு வேலையே இல்லை.

ஆனால் முன் உருக்கள் எல்லாம் சரியாக இருந்தும் பரப்பு குறையும் நிலை ஒன்று உண்டு. அதே X-ஐ வைத்துக்கொண்டு Y = max(X, 0) என எடுப்போம். 0 < y < 2 எனில் ஒரே முன் உரு x = y, அங்கே வகைக்கெழு 1; எனவே சூத்திரம் 1/3 என்கிறது. (0, 2)-இல் அதன் பரப்பு 2/3. முன்பு கண்ட அதே குறைபாடு, ஆனால் காரணம் முற்றிலும் வேறு. X குறையெண்ணாக இருக்கும்போதெல்லாம் Y சரியாக 0 ஆகிவிடுவதால் P(Y = 0) = 1/3; அந்த நிகழ்தகவு ஒரே புள்ளியில் குவிந்து நிற்கிறது. Y-க்கு அடர்த்திச் சார்பே கிடையாது. சூத்திரம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. பரவல் சார்பை எழுதியிருந்தால், y < 0 எனில் 0, 0 ≤ y < 2 எனில் (1 + y)/3 என்று வந்து, சுழியில் 1/3 உயரத்திற்குத் துள்ளுவது உடனே தெரிந்திருக்கும்.

X²-இலும் x = 0-இல் வகைக்கெழு சுழிதானே, அங்கே ஏன் இந்தச் சிக்கல் இல்லை என்று கேட்கலாம். அங்கே வகைக்கெழு சுழியாவது ஒரே புள்ளியில். X அந்தப் புள்ளியில் அமைவதற்கான நிகழ்தகவு 0. அதனால் f_Y சுழியருகே வரம்பின்றி உயர்ந்தாலும் அதன் பரப்பு முடிவுறுவதாகவே இருக்கிறது, F_Y துள்ளுவதில்லை. max(X, 0)-இல் வகைக்கெழு ஓர் இடைவெளி முழுவதும் சுழி, அந்த இடைவெளிக்கு 1/3 நிகழ்தகவு இருக்கிறது. எனவே சூத்திரத்தைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி g' சுழியாகிறதா என்பதன்று. அது சுழியாகும் இடங்களில் X விழுவதற்கு மிகையான நிகழ்தகவு உண்டா என்பதே.

இதுவரை சொன்னவை பரவல் சார்பு வழிக்குச் சாதகமாகவே இருந்தன. முன் உருக்கள் பெருகும்போது நிலைமை திரும்புகிறது. X என்பது f_X(x) = e^(−x), x > 0 என்னும் அடுக்குக்குறிப் பரவல் கொண்டது, Y = sin X என்க. ஒவ்வொரு y-க்கும் முடிவிலா முன் உருக்கள் உள்ளன. sin X ≤ y என்பதை இடைவெளிகளாக எழுதப் போனால், முதல் துண்டு மட்டும் சுழியில் வெட்டுப்பட்டு நிற்க, மற்றவை 2π நகர்ந்து நகர்ந்து வரும் ஒரு நீண்ட சேர்ப்பாக விரிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனைகளிலும் F_X-ஐ மதிப்பிட்டுக் கழித்துக் கூட்டி, பிறகு வகையிட வேண்டும். சூத்திர வழியில் எல்லா முன் உருக்களிலும் |cos x| = √(1 − y²) என்பதால் அது பொதுக் காரணியாக வெளியே வந்துவிடுகிறது. 0 < y < 1 எனில், a = arcsin y எனக் கொண்டு, முன் உருக்கள் a + 2πk, π − a + 2πk, k = 0, 1, 2, … ஆகும்; மிஞ்சுவது ஒரு பெருக்குத் தொடர்:

f_Y(y) = (e^(−a) + e^(−(π − a))) / ((1 − e^(−2π)) √(1 − y²))

y குறையெண்ணாகும்போது a-உம் குறையெண்ணாவதால் a என்னும் முதல் முன் உரு x > 0 என்ற எல்லைக்கு வெளியே போய்விடும். அதற்குப் பதில் 2π + a-இலிருந்து தொடங்க வேண்டும், ஆகவே தொகுதியில் முதல் உறுப்பு e^(−(2π + a)) ஆகிறது. மீண்டும் அதே எல்லைப் பிரச்சினைதான், ஆனால் இந்த ஒன்றைக் கவனித்தால் போதும்.

இரண்டு மாறிகள் சேர்ந்து மாறும்போது சூத்திரத்தின் கை இன்னும் ஓங்குகிறது. X, Y இரண்டும் சார்பற்றவை, இரண்டுக்கும் மேற்சொன்ன அடுக்குக்குறிப் பரவல் என்க; U = X + Y, V = X/(X + Y) ஆகியவற்றின் கூட்டு அடர்த்தி வேண்டும். இங்கே வகைக்கெழுவின் இடத்தில் ஜேக்கோபியன் வருகிறது. x = uv, y = u(1 − v) என்று திருப்பி எழுதினால் அதன் மட்டு மதிப்பு u; எனவே கூட்டு அடர்த்தி u·e^(−u), u > 0, 0 < v < 1. இதில் v எங்கும் இல்லாததாலும், u-இன் எல்லை v-ஐச் சாராததாலும், V என்பது (0, 1)-இல் சீரானது, U-ஐச் சாராதது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. இதையே P(U ≤ u, V ≤ v) என்று தொடங்கினால் ஒரு முக்கோணத்தின் துண்டின் மேல் இரட்டைத் தொகையிடல் செய்து, இருமுறை பகுதி வகையிட வேண்டும். விடை ஒன்றேதான் என்றாலும், அந்த உழைப்புக்கு இங்கே ஈடாக எதுவும் கிடைப்பதில்லை: உருமாற்றம் ஒன்றுக்கொன்றானது, எல்லைகளும் நேரானவை, முதல் வழி காட்டிக்கொடுப்பதற்கு மறைவாக ஒன்றும் இல்லை.